ஹனிமூன் ரூமில் ரோஜா இதழை எப்போது தூவுவது, விஐபி ரூமில் எதைத் தொடாமல் விடுவது?

கேள்வி: கொடைக்கானலில் 30 ரூம் உள்ள ரிசார்ட். ஹவுஸ்கீப்பிங்கை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறேன். ஹனிமூன் பேக்கேஜில் வரும் ஜோடிகளுக்கு மதியம் செக்-இன்னுக்கு முன்பே கட்டிலில் ரோஜா இதழ், அன்னப்பறவை டவல், கேக் எல்லாம் வைத்துவிடுகிறோம். ராத்திரி படுக்கையைத் தூங்கத் தயார் செய்யும் டர்ன்டவுனுக்குப் போனால் இதழ் வாடிக் கிடக்கிறது, கேக் பாதிக்கு மேல் வீணாகிறது, வெள்ளை டூவே போர்வையில் கறை என்று லாண்டரி சத்தம் போடுகிறது. எப்படிச் செய்ய வேண்டும்? விஐபி கெஸ்டுக்கும் இதே செட்டப் போதுமா?

பதில்:

மதியம் வைக்கும் வரவேற்பும் ராத்திரி செய்யும் டர்ன்டவுனும் இரண்டு தனி வேலைகள். இரண்டையும் மதியமே முடித்துவிடுவதால்தான் நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் வருகின்றன. கொடை ரோடு ஸ்டேஷனில் ரயில் இறங்கி, மூன்று மணி நேரம் வளைவுகளில் காரில் ஏறி வரும் ஜோடிக்கு முதலில் வேண்டியது வெந்நீரும், பெட்டியை விரித்து வைக்க இடமும், கொஞ்ச நேரம் சாய்ந்துகொள்ள ஒரு கட்டிலும். அந்தக் கட்டிலில் இதழ்களால் இதயம் போட்டு வைத்திருந்தால் ஒரு போட்டோ எடுப்பார்கள். பிறகு கையாலேயே தள்ளிவிட்டு அதன் மேல் படுப்பார்கள். நசுங்கும் இதழ் அங்கேயே சாயம் இறக்கும்.

மதியத்துக்கு மேஜையில் மட்டும் வையுங்கள். கையால் எழுதிய ஒரு வாழ்த்து அட்டை, நாலைந்து துண்டு ஹோம்மேட் சாக்லேட், இரண்டு பழம், கண்ணாடி பாட்டிலில் தண்ணீர், ஒரு சின்னக் குவளையில் இரண்டு ரோஜா. அட்டையில் பெயர் எழுதும் முன் ஒன்றைப் பாருங்கள். ஹனிமூன் புக்கிங் பல நேரம் மாமா பெயரிலோ நண்பர் பெயரிலோ டிராவல்ஸ் பெயரிலோ இருக்கும். ரிசர்வேஷனில் உள்ள பெயரை அப்படியே எழுதினால் மாப்பிள்ளைக்குப் பதில் மாமாவுக்குத் திருமண வாழ்த்து போகும். செக்-இன்னில் இருவரும் கொடுக்கும் அடையாள அட்டையைப் பார்த்து ஃப்ரண்ட் ஆபீஸ் சொன்ன பிறகு எழுதுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் பெயரே வேண்டாம். கேக்கின் மேலும் இதே விதி. இன்னொன்று, பேக்கேஜின் பெயர் ஹனிமூன் என்பதற்காக வருகிறவர்கள் எல்லாரும் புதுமணத் தம்பதிகள் இல்லை. பத்தாவது கல்யாண நாளுக்கு அதே பேக்கேஜை எடுத்து வருகிறவர்கள் உண்டு. முந்தின நாள் உறுதிப்படுத்தும் போன் காலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் முடிந்தது. முட்டை சேர்க்கலாமா, எந்தப் பூவாவது ஒத்துக்கொள்ளாதா என்பதையும் அதே காலிலேயே கேட்டு, எக்ஸ்பெக்டட் அரைவல் லிஸ்டில் அந்தப் பெயருக்கு நேரே எழுதிவிடுங்கள்.

இனி ராத்திரி வேலை. இதன் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும், அதாவது ஜோடி டின்னர் முடித்து ரூம் கதவைத் திறக்கும் நிமிடத்திலிருந்து. ஒரு ரூமை வைத்தே பார்ப்போம். டேபிள் புக்கிங் 7.45. ஒன்பது மணிக்குத் திரும்புவார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் போனால் ரூம் வேலைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். ஆனால் 7.45 ஆனதும் ஓடக்கூடாது. போன், சால்வை, ஸ்வெட்டர் என்று எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வருவார்கள். மலையில் அந்த நேரத்தில் குளிர் ஏறுவதால் சால்வைக்குத்தான் அதிகம் வருவார்கள். இதழும் கையுமாக நிற்கும்போது அவர்கள் உள்ளே வந்துவிட்டால் அத்தோடு அந்தச் செட்டப் முடிந்தது. ஆகவே ரெஸ்டாரன்ட் கேப்டனை உங்களுக்கு இரண்டு முறை போன் செய்யச் சொல்லுங்கள். மெயின் கோர்ஸ் டேபிளுக்குப் போனதும் ஒன்று, ஸ்வீட் வைத்ததும் இன்னொன்று. முதல் போன் வந்ததும் ரூமுக்குள் போக வேண்டும், இரண்டாவது வரும்போது கதவைச் சாத்திக்கொண்டிருக்க வேண்டும். வேலை இழுத்தால் கேப்டன் ஸ்வீட்டைப் பத்து நிமிடம் தள்ளிக் கொடுப்பார். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில்தான் ரூம் பாய் பாதி இதயத்தைப் போட்டுவிட்டு ஓடி வருவான்.

கதவை மூன்று முறை தட்டி, ஹவுஸ்கீப்பிங் என்று சொல்லி, நின்று, பிறகே திறக்க வேண்டும். கதவில் தொந்தரவு செய்யாதீர் என்கிற டிஎன்டி அட்டை போட்டிருந்தால் தட்டவும் கூடாது, போன் செய்து கேட்கவும் கூடாது. சாக்லேட்டையும் ஒரு அட்டையையும் பையில் போட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்துவிடுங்கள். செட்டப்பை மறுநாள் ராத்திரிக்கு மாற்றலாமா என்று காலையில் ஃப்ரண்ட் ஆபீஸ் கேட்டுக்கொள்ளட்டும்.

உள்ளே போனதும் முதலில் கட்டிலைப் பாருங்கள். துணி பரவிக் கிடந்தால், பெட்டி திறந்து கிடந்தால், கட்டில் அலங்காரம் அன்றைக்கு இல்லை. வழக்கமான டர்ன்டவுனில் கட்டிலில் கிடக்கும் நைட்டியையோ பைஜாமாவையோ மடித்து ஓரமாக வைப்பது உண்டு. புதுமணத் தம்பதிகளின் ரூமில் அதையும் செய்யாதீர்கள், உள்ளாடை கிடந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். இதழ் எல்லாம் மேஜைத் தட்டுக்கு மாறிவிடும், அவ்வளவுதான். சூப்பர்வைசருக்கு இது சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் செட்டப் ஏன் போடவில்லை என்று திட்டு விழும் என்கிற பயத்தில் பையன் துணியை எடுத்து நாற்காலியில் வைத்துவிடுவான்.

ஒருவர் பாத்ரூமிலும் ஒருவர் படுக்கையறையிலும் முதலில் சுத்தத்தை முடிக்க வேண்டும். அழுக்குத் தட்டு, குப்பை, ஈரத் துண்டு வெளியே. வாஷ்பேசின், தரை உலர்த்தல், குளியல் தொட்டிக்கு முன்னால் பாத் மேட் விரித்தல். ஜன்னல் திரையை இரண்டு பக்கமும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி மூடுவது, ஹீட்டரை ஓடவிடுவது. பிறகுதான் கட்டில். பெட் ரன்னரையும் குஷனையும் மடித்து அலமாரித் தட்டில் வையுங்கள். தரையில் போட்டுவிட்டுக் காலையில் அதையே எடுத்துக் கட்டிலில் வைப்பதை கெஸ்ட் பார்க்க மாட்டார் என்று நினைப்பது தப்பு.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. டர்ன்டவுன் என்றால் டூவேயின் மேல் ஓரத்தை மடித்துத் திறப்பது. ஜோடி என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முக்கோணம். நடுவில் பெரிய இதயம் போட்டால் மடிக்க இடமில்லை. மடித்தால் இதயத்துக்கு இடமில்லை. அப்படியே மேலே தூவிவிட்டால் அவர்கள் படுக்க வரும்போது இதழ் முழுதும் மடிப்புக்குள் சரிந்து, முதுகுக்கு அடியில் போகும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. டூவேயின் இரண்டு மேல் முனைகளையும் முக்கோணமாக மடித்து முடித்த பிறகு, கட்டிலின் கீழ்ப்பாதியில் ஒரு தனி வெள்ளை விரிப்பைப் போடுங்கள். சிங்கிள் பெட் ஷீட்டைக் குறுக்கே இரண்டாக மடித்தது போதும். இதயம் அந்த விரிப்பின் மேல் மட்டும். படுக்கப் போகும்போது நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினால் எல்லா இதழும் ஒரே மூட்டையாக வந்துவிடும். அட்டையில் அதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். சாயம் இறங்கினாலும் அந்த ஒரு விரிப்பில்தான் இறங்கும். இதற்கென்றே பழைய விரிப்பில் பத்துப் பன்னிரண்டை ஒதுக்கி, ஓரத்தில் ஒரு நூல் தையல் போட்டு அடையாளம் வைத்துவிட்டால் லாண்டரியோடு சண்டை பாதி தீர்ந்துவிடும்.

இதயத்தைக் கண்ணளவில் போட வேண்டாம். சார்ட் பேப்பரை நடுவில் மடித்துப் பாதி இதயம் வரைந்து வெட்டுங்கள். விரித்து வைத்து, ஓரத்தை ஒட்டி நாலு விரல் அகலத்துக்கு இதழைப் பரப்பி, பேப்பரை மெதுவாகத் தூக்கிவிட்டால் உள்ளே வெள்ளையாகவும் வெளியே சிவப்பாகவும் சுத்தமான கோடு வரும். உள்ளே நிரப்பத் தேவையில்லை. கீழ்ப்பாதி விரிப்புக்குள் அடங்க இரண்டரை அடி அகலம் போதும். நீளத்தைக் கொஞ்சம் கூட்டி வெட்டுங்கள். மேலிருந்து பார்த்தால் நீண்டு தெரியும், ஆனால் கெஸ்ட் பார்ப்பது கதவருகே நின்று, சாய்வாக. அந்தச் சாய்வில் நீளம் குறுகித் தெரியும் என்பதால் சம அளவில் வெட்டிய இதயம் கதவிலிருந்து தட்டையாக, அப்பம் போலத்தான் இருக்கும். கூர்முனை கதவிலிருந்து வருகிறவரைப் பார்த்து இருக்க வேண்டும். போட்டு முடித்ததும் கதவுக்குப் போய் ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பூ விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், கறையின் மூலம் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு உதிரி ரோஜா நிலக்கோட்டை, திண்டுக்கல் சந்தையிலிருந்து வரும். பன்னீர் ரோஜா வாசனைக்குச் சரி, ஆனால் இதழ் மெல்லிசு. தொட்டாலே கசங்கும், மூன்று நான்கு மணி நேரத்தில் ஓரம் கறுக்கும். கட்டிலுக்கு ஓசூர்ப் பக்கம் விளையும் காம்பு ரோஜாதான் சரி. இதழ் தடிமனாக இருக்கும், சீக்கிரம் சாறு விடாது. ஒரு பூவில் முப்பது இதழ் வரை தேறும். மேலே சொன்ன அளவுக்கு எட்டுப் பத்துப் பூ போதும். இருபது பூ உள்ள ஒரு கட்டு வாங்கினால் கட்டிலுக்கும் பாத்ரூம் உருளிக்கும் குவளைக்கும் சேர்த்தே காணும். கிலோக் கணக்கில் உதிரிப்பூ வாங்கிக் கொட்டுவதைவிட இது செலவும் குறைவு, பார்க்கவும் நன்றாக இருக்கும்.

பூவைக் காம்போடு தண்ணீரில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஆனால் ஆப்பிள், வாழைப்பழம் இருக்கும் ஃப்ரிட்ஜில் வேண்டாம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிரவைக்கும். இதழைப் பிய்ப்பது ஏழு மணிக்கு மேல்தான். பூக்காரர் தெளித்த தண்ணீர் இதழின் உள்மடிப்பில் நிற்கும். அதோடு போட்டால் ஒவ்வொரு துளியும் ஒரு வட்டக் கறை. பிய்த்ததை ஒரு பழைய துண்டில் பரப்பி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். நியூஸ் பேப்பரில் பரப்பினால் மை ஏறும். கசங்கியது, ஓரம் கறுத்தது, நடுவிலிருக்கும் மகரந்தம் எல்லாம் அப்போதே கழிந்துவிடும், எறும்பும் புழுவும் இருந்தால் அதுவும் தெரியும். லில்லிப் பூ வைப்பதாக இருந்தால் மகரந்தத் தண்டைக் கிள்ளிவிடுங்கள். அந்த ஆரஞ்சுத் தூள் துணியில் பட்டால் ஈரத் துணியால் துடைக்கக்கூடாது, ஒட்டும் டேப்பால் எடுக்க வேண்டும். மல்லிகைச் சரத்தைக் கட்டிலைச் சுற்றித் தொங்கவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒரு ராத்திரிக்குள் பழுப்பாகும். மூடிய குளிர் அறையில் அந்த வாசனையும் சம்பங்கி வாசனையும் பலருக்குத் தலைவலி. சாந்தி முகூர்த்த அறை ஜோடனையை வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் அவர்கள் மலைக்கு வந்திருக்கிறார்கள், அதையே மறுபடி செய்வதில் என்ன இருக்கிறது?

கறை விழுந்துவிட்டால்? ரோஜாவின் சிவப்பு ஆந்தோசயனின் என்னும் நிறமி. தண்ணீரில் கரையும், ஆனால் காரமான சோப்பு பட்டால் நீலம் கலந்த சாம்பலாக மாறும். கறைபட்ட விரிப்பை மற்ற துணியோடு சேர்த்து நேராகச் சூடான சோப்புத் தண்ணீரில் போடுவதால்தான் சிவப்புப் புள்ளி போய் சாம்பல் புள்ளி வருகிறது. அதன் மேல் இஸ்திரிச் சூடும் ஏறிவிட்டால் எடுப்பது கஷ்டம். கட்டிலிலிருந்து எடுத்ததும் தனியாகப் பிரித்து, கறைபட்ட முனையை வெளியே தெரியும்படி முடிந்து லாண்டரிக்கு அனுப்புங்கள். அவர்கள் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துவிட்டு, அதன் பிறகு வழக்கமான வாஷுக்குப் போடட்டும்.

கதவிலிருந்து கட்டில் வரை தரையில் இதழ்ப் பாதை போடுவதை நிறுத்திவிடுங்கள். செருப்புக் காலில் மிதிபட்டுக் கார்ப்பெட்டில் அரைந்துவிடும். டைல்ஸில் ஈர இதழ் வழுக்கும். குளியல் தொட்டியில் தூவினால் தண்ணீர் இறங்கும் ஓட்டையை அடைக்கும், போதாததற்கு எட்டரை மணிக்கு நிரப்பிய வெந்நீர் கொடைக்கானல் குளிரில் ஒன்பது மணிக்கு வெதுவெதுப்புக்கூட இருக்காது. தொட்டியைக் காலியாகவே துடைத்து வைத்து, ஓரத்தில் ஒரு பித்தளை உருளியில் தண்ணீரும் இதழும் வையுங்கள். குளிக்க வேண்டும் என்றால் ஒரு போன் செய்தால் பதினைந்து நிமிடத்தில் நிரப்பித் தருகிறோம் என்று ஒரு அட்டை போதும். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு வெளியே வருவது கூடவே கூடாது. மரத் தரையும் திரைச்சீலையும் ஹீட்டரும் இருக்கும் காட்டேஜ் அது. அணைக்கும்போது வரும் புகையே ஸ்மோக் டிடெக்டரை அலறவைக்கும். பேட்டரி விளக்கு வாங்கி வையுங்கள், வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

டவல் அன்னத்துக்கு கெஸ்ட் உடம்பு துடைக்கும் துண்டை எடுக்காதீர்கள். அன்னத்தைக் கலைக்க மனமில்லாமல் துண்டு கேட்டு ராத்திரி போன் வரும், வராவிட்டால் ஈரத்தோடு நிற்பார்கள். பாத்ரூமில் துண்டுக் கணக்கு முழுதாக இருக்க, அன்னத்துக்குத் தனியாக இரண்டு. குட்டைப் பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு ஓரத்தையும் இறுக்கமாக உள்ளே சுருட்டிக் கூம்பாக்கி, கூர்முனையை எஸ் வடிவில் வளைப்பார்கள். கழுத்து தொங்கினால் இரண்டே காரணம்தான்: சுருட்டல் தளர்வு, அல்லது துண்டில் சாஃப்ட்னர் அதிகம்.

கேக் வீணாவதற்குக் காரணம் அளவும் நேரமும். வெளி பேக்கரியில் குறைந்தது அரைக் கிலோதான் செய்து தருவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரும் இரண்டு பேர் அதில் கால்வாசி தொடுவார்கள். உங்கள் கிச்சனிலேயே 200, 250 கிராமில் முட்டையில்லாத சின்ன கேக் செய்யச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து அரை மணி முன்னால் எடுத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் ரூமுக்குள் கொண்டுபோய், மூடி போட்டு வைக்க வேண்டும். கூடவே கத்தி, இரண்டு தட்டு, இரண்டு ஃபோர்க், நாப்கின். அடிக்கடி விட்டுப்போவது கத்திதான், அதனால் ரூமில் வைக்க வேண்டியதை எழுதும் அமெனிட்டி வவுச்சரில் கேக்குக்கு அடுத்த வரியாகவே கத்தியை எழுதிவிடுங்கள். தோட்டத்தை ஒட்டிய காட்டேஜில் எறும்பு வரும். கேக் மேஜையைச் சுவரைத் தொடாமல் நாலு விரல் நகர்த்திப் போடச் சொல்லுங்கள். பாதாம் பால் வைப்பதாக இருந்தால் ஃபிளாஸ்க்கை முதலில் கொதிநீரால் அலசிக் கொட்டிவிட்டுப் பாலை ஊற்ற வேண்டும். முந்தின நாள் பால் வாடை இருந்த ஃபிளாஸ்க்தான் பாலைத் திரிய வைக்கும்.

கடைசியாக, மேல் விளக்கை அணைத்துவிட்டு ஒரு பெட்சைடு லேம்ப், பாத்ரூம் விளக்கு மட்டும். இரண்டு பக்கமும் காலடி விரிப்பு, செருப்பு, தண்ணீர். சாக்லேட் தலையணை மேல் வேண்டாம், பக்க மேஜையில் தட்டில். தலையணையில் வைத்ததை இருட்டில் பார்க்காமல் தலை வைப்பார்கள். பையன்கள் செட்டப்பைப் போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பலாம், ஆனால் அதில் கெஸ்டின் ஒரு பொருள்கூடத் தெரியக்கூடாது, எங்கேயும் போடவும் கூடாது.

இனி விஐபி. இதே செட்டப் இல்லை, கிட்டத்தட்ட இதற்கு எதிர்ப்பக்கம். ஜோடிக்குக் கண்ணில் படும்படி ஒன்று வேண்டும். அடிக்கடி பயணம் செய்யும் விஐபிக்குத் தன் ரூமில் யாரும் எதையும் கலைக்கவில்லை என்கிற நிம்மதி வேண்டும். டவல் அன்னத்தைப் பார்த்து மகிழும் கம்பெனி டைரக்டர் அபூர்வம். மேஜையில் காகிதம், லேப்டாப் இருந்தால் தூசி தட்டக்கூடத் தூக்க வேண்டாம். கவிழ்த்து வைத்த புத்தகத்தை மூடாதீர்கள், ஒரு புக்மார்க்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு அப்படியே விடுங்கள். மாத்திரை, கண்ணாடி, சார்ஜர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தனியாக வந்தவர் என்றால் ஒரு பக்கம் மட்டும் மடித்தால் போதும். எந்தப் பக்கம் என்பதை முதல் ராத்திரி போன் இருக்கும் பக்கமாக வைத்துக்கொண்டு, மறுநாள் காலை எந்தத் தலையணை அமுங்கியிருக்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பழக்கூடையில் அளவு முக்கியம். ஒருவருக்கு இரண்டு ராத்திரி என்றால் ஐந்தாறு பழம். பாலித்தீன் சுற்றிய ஆப்பிள் எல்லா ஊரிலும் கிடைக்கும். இங்கே மலை வாழைப்பழம், பேரிக்காய், பிளம்ஸ், பேஷன் ஃப்ரூட் என்று அந்த மாதத்தில் மலையில் விளைவதை வையுங்கள். வாழைப்பழம் மட்டும் தனித் தட்டில் இருக்கட்டும், கூடையோடு சேர்ந்தால் மற்றதையும் சீக்கிரம் பழுக்கவைக்கும். ராத்திரி டர்ன்டவுனில் தின்றதற்கு ஈடு வைத்து, புள்ளி விழுந்ததை எடுத்துவிடுங்கள். போலீஸ் பாதுகாப்போடு வருகிறவர் என்றால் பழக்கத்தி முதல் ரூமுக்குள் யார் எப்போது நுழைவது வரை அவர்களுடைய ஆள்தான் முடிவு செய்வார். அவருடைய பிஏவிடம் நேரம் கேட்டு, பாதுகாப்பு ஆள் ஒருவர் கூட நிற்க, ஒருவர் மட்டும் போய் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வருவதுதான் வழக்கம்.

தினமும் டர்ன்டவுன் முடிந்ததும் லாக் புக்கில் அந்த ரூமுக்கு இரண்டு வரி எழுத வையுங்கள்: “இடப் பக்கம் படுக்கிறார், ஹீட்டரை அணைத்துவிட்டார், இரண்டு பாட்டில் தண்ணீர் தீர்ந்தது, சாக்லேட் தொடவில்லை.” அடுத்த ராத்திரி சாக்லேட்டுக்குப் பதில் நாலு பாதாம், ஒரு பாட்டில் கூடுதல், ஹீட்டருக்குப் பதில் கூடுதல் கம்பளி.